முகூர்த்தத்துக்கு முன்பே உறவுகள் வந்து சேர...
புதுமனை புகுவிழா அழைப்பிதழுக்கு 9 குறிப்புகள்

கிரகப்பிரவேசத்தில் பால் பொங்கும்போது வீட்டாரும் புரோகிதரும் அக்கம்பக்கத்தார் சிலரும் மட்டுமே இருப்பார்கள். ஏழரை மணிக்கு இலை போடும்போது வாசல் நிறைந்துவிடும். பல வீடுகளில் நடப்பது இதுதான். வந்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பெரும்பாலான பத்திரிகைகளில் முகூர்த்த நேரம் இருக்கிறது. விருந்தினர் எப்போது வர வேண்டும் என்பது இல்லை. அந்த ஒரு வரியைச் சரியாக, யார் மனமும் கோணாமல் எழுதுவது எப்படி என்று பார்ப்போம்.

1. புரோகிதரிடம் மூன்று நேரங்களைக் கேளுங்கள்

நாள் குறிக்கும்போது முகூர்த்தத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் சீட்டில் எழுதி வாங்கி வருவோம். அழைப்பிதழ் எழுத அது போதாது. வாசலில் கோபூஜை எத்தனை மணிக்கு, நிலைவாசல் தாண்டி உள்ளே போவது எத்தனை மணிக்கு, பால் காய்ச்சுவது எத்தனை மணிக்கு என்று தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிசை எல்லா வீட்டிலும் ஒன்றாக இருக்காது. சிலர் முதல் நாள் மாலையே வாஸ்து சாந்தியை முடித்துவிட்டு, மறுநாள் காலையில் வீட்டுக்குள் நுழைந்த பிறகு கணபதி ஹோமம் செய்வார்கள். சிலர் ஹோமம் முடித்த பிறகே நிலைவாசல் தாண்டுவார்கள். உங்கள் வீட்டில் எது முதலில் என்று தெரிந்தால்தான் விருந்தினர் எதற்கு முன்பு வர வேண்டும் என்பதும் தெரியும்.

2. ‘மணிக்கு மேல், மணிக்குள்’ என்பதை விருந்தினர் எப்படிப் படிக்கிறார்கள்?

‘காலை 6.00 மணிக்கு மேல் 7.15 மணிக்குள்’ என்று அச்சிடுகிறோம். சடங்கு நடத்துகிறவருக்கு அது தெளிவான வரம்பு. நல்ல லக்னம் அந்த இடைவெளியில் இருக்கிறது, அதற்குள் காரியம் முடிய வேண்டும் என்று அவர் எடுத்துக்கொள்வார். விருந்தினரோ ‘ஏழே காலுக்குள் போனால் போதும்’ என்று படிக்கிறார். ஏழு மணிக்கு வந்து நின்றால் வாழைமரம் கட்டிய வாசலில் பசு போய்விட்டிருக்கும், பால் டம்ளர்களில் ஊற்றப்பட்டிருக்கும்.

ஆகவே முகூர்த்த வரியை மாற்றாமல் அப்படியே விடுங்கள். பெரியவர்கள் அதைப் படித்துப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்குக் கீழே, வரவேண்டிய நேரத்தைத் தனி வரியாகச் சேர்த்துவிடுங்கள். மக்கள் எப்படியும் தாமதமாகத்தான் வருவார்கள் என்று நினைத்து முகூர்த்தத்தையே அரை மணி நேரம் முன்னதாக அச்சிடுவது மட்டும் வேண்டாம். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த ஒருவர் ‘இந்த நேரத்தில் அந்த லக்னமே வரவில்லையே’ என்று கேட்டால், நல்ல காரியத்தில் தேவையில்லாத சஞ்சலம் வந்துவிடும்.

3. வரச் சொல்லும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மதுரைப் புறநகரில் ஒரு வீடு. ஆவணி மாத நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, சிம்ம லக்னத்தில் காலை 6.00 மணிக்கு மேல் 7.15 மணிக்குள் முகூர்த்தம். வாஸ்து சாந்தி முதல் நாள் மாலை. காலையில் 5.45 மணிக்கு வாசலில் கோபூஜை, 6.05க்குப் பசுவும் கன்றும் முன்னே செல்ல வீட்டார் உள்ளே போகிறார்கள், 6.20க்குப் பால் காய்ச்சுகிறார்கள். அதன் பிறகு கணபதி ஹோமம், 7.30க்குச் சிற்றுண்டி.

இங்கே விருந்தினர் பார்க்க வேண்டிய முதல் நிகழ்ச்சி 5.45 கோபூஜை. வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, சந்தனம் குங்குமம் எடுத்துக்கொண்டு, வந்திருப்பவர்களிடம் நலம் விசாரித்து நிற்கக் கால் மணி நேரமாவது ஆகும். எனவே அழைப்பிதழில் போட வேண்டிய நேரம் 5.30. ஐந்து பத்து நிமிடம் பிந்தி வருபவர்கள்கூடப் பசு உள்ளே போவதைப் பார்த்துவிடுவார்கள்.

இதைவிட முன்னால் போகாதீர்கள். 4.45க்கு வரச் சொல்லி 5.45 வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தால், அடுத்த விசேஷத்துக்கு உங்கள் நேரத்தை யாரும் நம்ப மாட்டார்கள். முதல் சடங்குக்குக் கால் மணி முதல் அரை மணி நேரம் முன்னதாக என்பதே பொருத்தமான அளவு. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் காவலாளியிடம் பெயர் எழுதுவதற்கும் லிஃப்டுக்குக் காத்திருப்பதற்கும் இன்னும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை ஏன் நீட்ட முடியாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலை 6 மணி உதயம் என்று வைத்துப் போடும் வழக்கமான கணக்கில், திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை ராகு காலம்; புதன்கிழமை அதே நேரம் எமகண்டம். வியாழக்கிழமை 6 மணிக்கே எமகண்டம் தொடங்கி 7.30 வரை இருக்கும். அதனால்தான் வியாழக்கிழமை முகூர்த்தங்களில் பலவற்றை விடிவதற்குள் முடிக்கிறார்கள். ‘சித்தப்பா வந்துகொண்டிருக்கிறார், பத்து நிமிடம் பொறுங்கள்’ என்று சொல்ல இடமில்லாத நாட்கள் இவை.

4. அதிகாலை முகூர்த்தம் என்றால் கிழமையில் கவனம்

பஞ்சாங்கத்தில் ஒரு நாள் என்பது சூரிய உதயம் முதல் மறு உதயம் வரை. காலண்டரில் நள்ளிரவு 12 மணிக்கே தேதி மாறிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் விழும் அதிகாலை நேரத்தில்தான் குழப்பம் வருகிறது.

புரோகிதரின் சீட்டில் ‘வியாழக்கிழமை, உதயாதி நாழிகை 56¼’ என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். 56¼ நாழிகை என்றால் இருபத்திரண்டரை மணி நேரம். வியாழன் காலை 6 மணி உதயத்திலிருந்து எண்ணினால் அது வெள்ளிக்கிழமை அதிகாலை 4.30. சீட்டில் உள்ளபடியே ‘வியாழக்கிழமை அதிகாலை 4.30’ என்று அச்சிட்டால், விருந்தினர் ஒரு நாள் முன்னதாக வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார்கள்.

சரியான முறை இது: ‘வியாழக்கிழமை இரவு விடிந்தால் வெள்ளிக்கிழமை அதிகாலை 4.30 மணிக்கு மேல் 5.45 மணிக்குள்’. ஆங்கிலத் தேதி வெள்ளிக்கிழமைக்கு உரியதாக இருக்கட்டும். திதியும் நட்சத்திரமும் அந்த அதிகாலை நேரத்தில் நடப்பவையா என்று புரோகிதரிடம் இன்னொரு முறை கேட்டுவிடுங்கள்.

5. காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள், கட்டளை வேண்டாம்

‘சரியாக 5.30 மணிக்கு வரவும்’, ‘தாமதத்தைத் தவிர்க்கவும்’, ‘குறித்த நேரத்தில் தவறாது ஆஜராகவும்’ போன்ற வரிகள் அலுவலகச் சுற்றறிக்கைக்குத்தான் பொருந்தும். மாமாவுக்கும் பெரியம்மாவுக்கும் அப்படி எழுத முடியாது. விருந்தினர் வந்தால் நமக்கு என்ன நிறைவு என்பதைச் சொல்லி, அதோடு நேரத்தைக் கோர்த்துவிட்டால் போதும். நேரம் மட்டும் எண்ணில் தெளிவாக இருக்க வேண்டும். ‘சற்று முன்னதாக’ என்றால் ஒவ்வொருவரும் தமக்கு வசதியான நேரத்தை எடுத்துக்கொள்வார்கள்.

பெரியவர்களை முன்னிறுத்தி எழுத: ‘தங்கள் ஆசியோடு நிலைவாசல் தாண்ட விரும்புகிறோம். அருள்கூர்ந்து காலை 5.30 மணிக்கே குடும்பத்துடன் வந்திருந்து வாழ்த்த வேண்டுகிறோம்.’

உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் பொதுவாக: ‘பால் பொங்கும் வேளையில் தாங்கள் அருகில் இருந்தால் எங்கள் மகிழ்ச்சி நிறைவாகும். 5.45 மணிக்குக் கோபூஜை தொடங்குவதால் 5.30 மணிக்குள் வந்து சேருமாறு அன்புடன் வேண்டுகிறோம்.’

எளிய பேச்சு நடையில், செல்போனில் அனுப்ப: ‘விடியற்காலைதான், சிரமம் என்று தெரியும். ஆனாலும் நீங்கள் வந்த பிறகு பால் காய்ச்சினால்தான் எங்களுக்குத் திருப்தி. 5.30க்கு வந்துவிடுங்கள், சூடான காபி தயாராக இருக்கும்.’

காபியைப் பற்றிச் சொல்வது உபசாரத்துக்காக மட்டும் இல்லை. காலை உணவு 7.30க்குத்தான் என்று தெரிந்தால், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் குழந்தைகளை அழைத்து வருபவர்களும் வீட்டில் சாப்பிட்டுவிட்டே கிளம்புவார்கள், அதனால் தாமதமாகும். வந்ததும் காபியும் பிஸ்கட்டும் உண்டு என்று தெரிந்தால் எழுந்ததும் கிளம்பிவிடுவார்கள். சொன்னபடி அடுப்பு 5 மணிக்கே எரிய வேண்டும் என்பதைச் சமையல்காரரிடமும் சொல்லிவையுங்கள்.

6. வேண்டுகோள் எந்த இடத்தில் வர வேண்டும்?

அழைப்பிதழின் அடியில், ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்பதற்கும் கீழே சிறிய எழுத்தில் ‘குறிப்பு’ என்று போட்டால் யார் கண்ணிலும் படாது. முகூர்த்த வரி முடிந்ததும் அடுத்த வரியாகவே வேண்டுகோள் வரட்டும். எழுத்தின் அளவு முகூர்த்த வரிக்குச் சமமாக இருந்தால் போதும். சிவப்பு நிறத்திலோ கட்டம் கட்டியோ போட்டால் எச்சரிக்கைப் பலகை போலத் தோன்றும்.

சாப்பாட்டு நேரத்தை எழுதுவதிலும் கவனம் தேவை. ‘காலை 7.30 முதல் 10.30 வரை சிற்றுண்டி’ என்று முகூர்த்தத்துக்குப் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டால், பாதிப் பேர் அதையே வர வேண்டிய நேரமாக எடுத்துக்கொள்வார்கள். ‘விழா நிறைவில் அனைவரும் எங்களோடு காலை உணவு அருந்திச் செல்ல வேண்டுகிறோம்’ என்று எழுதினால் உபசாரமும் இருக்கும், நேரம் ஒன்றாகவே நிற்கும். அலுவலக நண்பர்கள், முதியவர்கள் என விடியலில் வர முடியாதவர்களிடம், ‘9 மணிக்கு மேல் வந்தாலும் வீட்டில்தான் இருப்போம்’ என்று நேரில் சொல்லிவிடுங்கள். அதை அச்சிட வேண்டியதில்லை.

7. சீர் கொண்டு வருபவர்களுக்குத் தனி நேரம்

எல்லா விருந்தினரும் ஒன்றல்ல. வீட்டுக்காரப் பெண்ணின் பிறந்த வீட்டார் சீர்த்தட்டுகளோடு வருவார்கள். பல குடும்பங்களில் விளக்கேற்றுவதும் பால் காய்ச்சுவதும் நாத்தனார் பொறுப்பு. இவர்கள் பிந்தினால் சடங்கே நின்றுவிடும். அழைப்பிதழில் உள்ள 5.30 இவர்களுக்குப் போதாது.

இவர்களுக்குப் பத்திரிகை வைக்கும்போதே, தாம்பூலத் தட்டை நீட்டிச் சொல்லிவிடுவதுதான் மரியாதை: ‘அண்ணி, பத்திரிகையில் 5.30 என்று போட்டிருக்கிறோம். அது எல்லாருக்கும். நீங்கள் வந்துதான் விளக்கேற்ற வேண்டும். முதல் நாள் சாயங்காலமே வந்து தங்கிவிடுங்கள்.’ பெண்ணின் தாய்வீட்டாரிடம், ‘சீர்வரிசையைத் தெரு முனையிலிருந்து மேளத்தோடு அழைத்து வர வேண்டும். ஐந்து மணிக்கு நீங்கள் அங்கே இருந்தால் சரியாக இருக்கும்’ என்று காரணத்தோடு சொல்லுங்கள். தங்கும் இடத்தையும் அப்போதே சொல்லிவிட்டால் ‘எங்கே தங்குவது’ என்ற தயக்கம் அவர்களுக்கு இருக்காது.

8. அச்சுக்குப் போகும் முன் ஐந்து சரிபார்ப்புகள்

ஒன்று, தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றும் பொருந்துகின்றனவா என்று தினசரி காலண்டரில் பாருங்கள். அச்சகத்தில் பழைய பத்திரிகையின் மேல் திருத்தி அச்சிடுவதால் தமிழ் வருடத்தின் பெயர் மாறாமல் நிற்பது உண்டு. தமிழ் வருடம் சித்திரையில்தான் மாறும். தை மாத விழாவுக்கு, கடந்த சித்திரையில் பிறந்த வருடத்தின் பெயர்தான் வர வேண்டும்.

இரண்டு, லக்னம். இதை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். சூரியன் எந்த ராசியில் இருக்கிறதோ அந்த லக்னத்தில்தான் அன்றைய உதயம் நிகழும். சித்திரையில் மேஷம், வைகாசியில் ரிஷபம், ஆவணியில் சிம்மம், கார்த்திகையில் விருச்சிகம், தையில் மகரம். ஒவ்வொரு லக்னமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிற்கும். நாளுக்கு நாள் சுமார் நான்கு நிமிடம் முன்னதாகத் தொடங்கும். ஆவணி மாதம் காலை 6.30 என்று போட்டுவிட்டு ‘மகர லக்னத்தில்’ என்று அச்சாகியிருந்தால் அது பிழை. புரோகிதரிடம் கேட்டுத் திருத்துங்கள்.

மூன்று, ‘அதிகாலை’, ‘காலை’ என்ற சொல் நேரத்துக்கு முன் இருக்கிறதா? வெறும் ‘4.30 மணிக்கு’ என்றால் மாலை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

நான்கு, வழி. புதிய மனைப்பிரிவுகளில் தெருப் பலகை இருக்காது. இருட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இருக்க மாட்டார்கள். இரவிலும் தெரிகிற அடையாளத்தைக் கொடுங்கள்: பெட்ரோல் பங்க், தண்ணீர்த் தொட்டி, விளக்கெரியும் கோயில் கோபுரம். ‘மெயின் ரோட்டிலிருந்து இடது பக்கம் மூன்றாவது தெரு’ என்று எண்ணிச் சொல்வது இன்னும் நல்லது.

ஐந்து, வண்டி வசதி. அந்த நேரத்தில் முதல் பஸ் வருமா என்று பாருங்கள். வராது என்றால், ‘பேருந்து நிலையத்திலிருந்து 5 மணிக்கு வேன் புறப்படும்’ என்று ஒரு வரி சேர்த்து, தொடர்பு கொள்ள ஒரு செல்போன் எண்ணும் கொடுங்கள். அந்த எண் பூஜையில் உட்காரும் வீட்டுக்காரருடையதாக இருக்கக் கூடாது. போனை எடுத்து வழி சொல்ல ஓய்வாக இருக்கும் தம்பி அல்லது மைத்துனருடையதாக இருக்கட்டும்.

9. முதல் நாள் மாலை ஒரு நினைவூட்டல்

பத்திரிகை கைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். முதல் நாள் மாலை ஆறு, ஏழு மணிவாக்கில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். அலாரம் வைக்க நினைப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு வைப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் அனுப்பினால் பயன் இல்லை.

‘வணக்கம். நாளை வெள்ளிக்கிழமை காலை எங்கள் புது வீட்டின் பால் காய்ச்சும் விழா. 5.30க்கு வந்து சேர்ந்தால் கோபூஜை முதல் எல்லாவற்றிலும் எங்களோடு இருக்கலாம். காபி தயார். வரும் வழி கீழே இருக்கிறது. வழி தெரியாவிட்டால் தம்பியின் எண்ணுக்கு அழையுங்கள்.’ இதோடு வீட்டின் கூகுள் மேப் இடத்தையும் அனுப்பிவிடுங்கள். மொத்தமாக ஒரு குழுவில் போடுவதைவிட, மூத்த உறவினர்களுக்குத் தனியாக அனுப்புவதோ போனில் பேசுவதோதான் அழகு.

மாதிரி அழைப்பிதழ்

மேலே சொன்ன மதுரை வீட்டுக்கு இந்தக் குறிப்புகளின்படி எழுதினால் பத்திரிகை இப்படி அமையும். புள்ளியிட்ட இடங்களை உங்கள் விவரங்களால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

உ
...... துணை

புதுமனை புகுவிழா அழைப்பிதழ்

அன்புடையீர், வணக்கம்.

நிகழும் மங்களகரமான ...... வருடம் ஆவணி மாதம் ......ஆம் நாள் (......) வெள்ளிக்கிழமை, ...... திதியும் ...... நட்சத்திரமும் கூடிய சுபதினத்தில், காலை 6.00 மணிக்கு மேல் 7.15 மணிக்குள் சிம்ம லக்னத்தில், ...... என்னும் முகவரியில் நாங்கள் புதிதாகக் கட்டியுள்ள ‘......’ இல்லத்தின் புதுமனை புகுவிழா, இறையருளாலும் பெரியோர் ஆசியாலும் நடைபெற உள்ளது.

காலை 5.45 மணிக்குக் கோபூஜை தொடங்குகிறது. தங்கள் ஆசியோடு நிலைவாசல் தாண்டிப் பால் காய்ச்ச விரும்புவதால், 5.30 மணிக்கே சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்துமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

விழா நிறைவில் எங்களோடு காலை உணவு அருந்திச் செல்லவும் வேண்டுகிறோம்.

தங்கள் நல்வரவை நாடும்
...... – ......

வழி: ...... பெட்ரோல் பங்கை அடுத்து இடது பக்கம் மூன்றாவது தெரு.
பேருந்து நிலையத்திலிருந்து காலை 5.00 மணிக்கு வேன் வசதி உண்டு. தொடர்புக்கு: ......

இந்த வாசகத்தை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன், உறவில் மூத்த ஒருவரையும் உறவல்லாத நண்பர் ஒருவரையும் படிக்கச் சொல்லி, ‘எத்தனை மணிக்கு வருவீர்கள்?’ என்று கேளுங்கள். இருவரும் ஐந்தரை என்று சொன்னால் தைரியமாக அச்சுக்குக் கொடுங்கள். வேறு நேரம் சொன்னால் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி எழுதிவிட்டுப் பிறகு கொடுங்கள்.